பதினொரு மணிக்கு மீண்டும் கூடும்

மும்பையில் செப்டம்பர் பிறந்தால் மாடுங்காவிலிருந்து டோம்பிவிலி வரை ஒவ்வொரு கட்டடத்தின் நோட்டீஸ் போர்டிலும் ஒரு தாள் ஏறிவிடும். ஹவுசிங் சொசைட்டியின் ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பு அது. மகாராஷ்டிரத்தில் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்கள் செப்டம்பர் 30-க்குள் இந்தக் கூட்டத்தை நடத்தியாக வேண்டும். தக்க காரணமின்றித் தவறினால், அதற்குப் பொறுப்பான நிர்வாகிகளை ஐந்தாண்டு வரை தேர்தலில் நிற்க முடியாதபடி தகுதிநீக்கம் செய்யச் சட்டத்தில் இடமிருக்கிறது. செயலாளர்கள் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையைத் தேடிப் பிடிப்பது இதனால்தான்.

அந்தத் தாளில் பெரும்பாலோர் படிப்பது தேதியையும் இடத்தையும் மட்டும். மிச்சம் நேரமிருந்தால் பராமரிப்புக் கட்டணம் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். ஆனால் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். ஏறக்குறைய எல்லா அறிவிப்புகளிலும் அது இப்படித்தான் வரும்:

"காலை 10.30 மணிக்குள் கோரம் சேராவிட்டால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டு, அதே நாள் காலை 11 மணிக்கு அதே இடத்தில் மீண்டும் கூடும். அந்தக் கூட்டத்துக்குக் கோரம் தேவையில்லை. தனி அறிவிப்பு அனுப்பப்பட மாட்டாது."

ஒரு கட்டடத்தின் பணத்தை யார் எப்படிச் செலவிடலாம் என்பதைப் பல நேரம் தீர்மானிப்பது இந்த வரிதான். இது எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். சயானில் 24 வீடுகள் உள்ள ஒரு கட்டடம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு ஓர் உறுப்பினர், ஆக 24 பேர். 2025 செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்குக் கூட்டம்.

முதலில் அறிவிப்புக் காலம். பெரும்பாலான சங்கங்கள் ஏற்றுக்கொண்டிருக்கும் 2014-ஆம் ஆண்டு மாதிரி துணைவிதிகளின்படி, ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முழுதாகப் பதினான்கு நாள் அவகாசம் தர வேண்டும். சிறப்புப் பொதுக்கூட்டத்துக்கு ஐந்து நாள் போதும். முழு நாள் என்றால், அறிவிப்பு கொடுத்த நாளையும் கணக்கில் சேர்க்கக் கூடாது, கூட்டம் நடக்கும் நாளையும் சேர்க்கக் கூடாது. இடையில் வரும் நாட்கள்தான் கணக்கு. செப்டம்பர் 28-இலிருந்து பின்னோக்கி எண்ணினால் 27 முதல் 14 வரை பதினான்கு நாள். ஆகவே அறிவிப்பு 13-ஆம் தேதி சனிக்கிழமைக்குள் உறுப்பினர் கைக்கு வந்திருக்க வேண்டும். மறுநாள் 14-ஆம் தேதி கொடுத்தால், "இரண்டு ஞாயிறு இடைவெளி இருக்கிறதே, பதினான்கு நாள் ஆகிவிட்டதே" என்று தோன்றும். உண்மையில் இடையில் இருப்பது பதிமூன்றே நாள். சங்கங்களில் அடிக்கடி நடக்கும் தவறு இது.

தாளில் அச்சிட்ட தேதியை மட்டும் நம்பக் கூடாது. 12-ஆம் தேதி என்று போட்ட அறிவிப்பு 16-ஆம் தேதி கதவுக்கடியில் செருகப்படுவதும் உண்டு. ஒழுங்கான செயலாளர், வாட்ச்மேன் கையில் ஒரு பதிவேட்டைக் கொடுத்து வீடு வீடாகக் கையெழுத்தும் தேதியும் வாங்கிவரச் சொல்வார். வெளியூரில் இருப்பவர்களுக்குப் பதிவுத் தபாலோ மின்னஞ்சலோ போகும். நீங்கள் கையெழுத்துப் போடும்போது வாங்கிய தேதியை உங்கள் கையாலேயே எழுதுங்கள். பின்னால் தகராறு வந்தால் அதுதான் பேசும். யாரோ ஒருவருக்கு அறிவிப்பு கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் கூட்டம் செல்லாமல் போய்விடாது என்பதும் நினைவில் இருக்கட்டும். எல்லோருக்கும் அவகாசம் குறைவாகக் கொடுத்திருந்தால் கதை வேறு.

அடுத்தது கோரம், அதாவது கூட்டம் தொடங்கக் குறைந்தது எத்தனை உறுப்பினர்கள் இருக்க வேண்டும் என்ற எண்ணிக்கை. மாதிரி துணைவிதி இதற்கு இரண்டு அளவுகோல் வைத்து, எது குறைவோ அதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஒன்று, இருபது பேர் மற்றொன்று. நம் சயான் கட்டடத்தில் 24-இல் மூன்றில் இரண்டு 16. அது இருபதைவிடக் குறைவு என்பதால் கோரம் 16. முலுண்டில் 300 வீடுகள் கொண்ட ஒரு வளாகத்தில் மூன்றில் இரண்டு என்றால் 200 பேர். ஆனால் இருபது பேர் வந்தாலே கூட்டம் தொடங்கிவிடும். 30 உறுப்பினர்களைத் தாண்டிவிட்டால் சங்கம் எவ்வளவு பெரிதானாலும் கோரம் இருபதுக்கு மேல் போகாது. பெரிய வளாகங்களில் சிறு குழு ஒன்றே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது என்ற குறைக்கு வேர் இந்தக் கணக்கில் இருக்கிறது. சிறிய கட்டடங்களில் சிக்கல் இதற்கு நேர்மாறு. 24 பேரில் 16 பேரை ஞாயிறு காலை பத்து மணிக்கு மொட்டைமாடியில் உட்கார வைப்பது எளிதல்ல.

யாரை எண்ணலாம் என்பதிலும் கவனம் தேவை. வாடகைக்கு இருப்பவர் கணக்கில் வரமாட்டார். கணவனும் மனைவியுமாக இருவர் பெயரில் வீடு இருந்து இருவரும் வந்தாலும் ஒரு தலைதான். பவர் ஆஃப் அட்டர்னி வைத்திருக்கிறேன், கடிதம் கொண்டுவந்திருக்கிறேன் என்று உறுப்பினருக்குப் பதிலாக ஒருவர் வந்து உட்கார துணைவிதி அனுமதிப்பதில்லை.

இனி அந்தக் கடைசி வரிக்கு வருவோம். செப்டம்பர் 28, காலை 10 மணிக்கு ஏழு பேர் வந்திருக்கிறார்கள். அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். 10.30-க்கு ஒன்பது பேர். பதினாறு சேரவில்லை. கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது. பதினொரு மணிக்கு அதே ஒன்பது பேர் மீண்டும் கூடுகிறார்கள். இப்போது கோரம் தேவையில்லை. கட்டடத்துக்கு வெளிப்பூச்சும் நீர்க்கசிவுத் தடுப்பும் செய்ய வீட்டுக்கு 75,000 ரூபாய் வசூலிக்கலாம் என்ற தீர்மானம் வருகிறது. ஐந்து பேர் ஆதரவு, நான்கு பேர் எதிர்ப்பு. நிறைவேறிவிட்டது. 24 வீடுகளும் கட்ட வேண்டும், மொத்தம் பதினெட்டு லட்சம் ரூபாய். ஐந்து கைகள் உயர்ந்து எடுத்த முடிவு, வராத பதினைந்து பேரையும் கட்டுப்படுத்தும். "கோரமே இல்லையே, எப்படிச் செல்லும்?" என்று மறுநாள் லிஃப்டில் நின்று கேட்பதில் பயனில்லை.

அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் வராதவர்களே சங்கத்தை முடக்கிவிட முடியும். அறிவிப்பில் அன்றைய பிற்பகுதி நேரம் எதுவும் குறிப்பிடப்படவில்லை என்றால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒத்திவைத்த கூட்டத்தை ஏழு நாளுக்கு முன்பும் வைக்கக் கூடாது, முப்பது நாளுக்குப் பின்பும் வைக்கக் கூடாது. செப்டம்பர் 28 கூட்டம் அக்டோபர் 5-க்குத்தான் போகும். செப்டம்பர் 30 தாண்டிவிடும், கணக்கு வழக்கு நிறைவேறாமல் நிற்கும். செயலாளர்கள் அந்த வரியை மறக்காமல் சேர்ப்பதில் சூழ்ச்சி ஏதுமில்லை. அதை வைத்துக்கொண்டு செய்யும் சில காரியங்கள்தான் தவறு.

முதல் தவறு அவசரம். "எப்படியும் கோரம் சேராது, தொடங்கிவிடலாம்" என்று 10.10-க்கே பதினொரு பேரோடு கணக்கைப் படிக்க ஆரம்பிப்பது. அரை மணி முடிவதற்கு முன்பு, கோரம் இல்லாமல் எடுக்கும் முடிவுக்கு அடித்தளமே இல்லை. அறிவிப்பில் 11 மணி என்று இருந்தால் 11-க்குத்தான் மீண்டும் தொடங்க வேண்டும். 10.50-க்கு வந்த உறுப்பினர் முடிந்துபோன தீர்மானத்தைக் கேட்கும் நிலை வரக் கூடாது.

இரண்டாவது, புதிய பொருளைச் செருகுவது. ஒத்திவைத்த கூட்டத்தில் முதல் அறிவிப்பில் சொன்ன பொருள்களைத்தான் எடுக்கலாம். பூச்சு வேலை அதில் இல்லாவிட்டால், "தலைவர் அனுமதியுடன் பிற பொருள்கள்" என்ற கடைசி இனத்துக்குள் பதினெட்டு லட்சத்தை நுழைத்துவிட முடியாது. முன்னறிவிப்பு தேவைப்படும் விஷயங்களுக்கு அந்த இனம் பொருந்தாது என்று துணைவிதியே சொல்கிறது.

மூன்றாவது, மறுநாள் வீடு வீடாகப் போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிப் பதினாறு ஆக்குவது. இதைக் கண்டுபிடிக்கக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பைக் கேட்டு வாங்கிப் படித்தாலே போதும். முறையாக நடந்த கூட்டத்தின் குறிப்பில் 10.30-க்கு எத்தனை பேர் இருந்தார்கள், கோரம் இல்லாததால் ஒத்திவைக்கப்பட்டது, 11 மணிக்கு இத்தனை பேருடன் கூடியது என்று மூன்றும் இருக்கும். ஒத்திவைப்பு பற்றி ஒரு சொல்கூட இல்லாமல், நேரில் இருந்தவர்கள் எண்ணியது ஒன்பதாகவும் பதிவேட்டில் பதினேழு கையெழுத்தாகவும் இருந்தால் கேள்வி கேட்க வேண்டிய இடம் அதுதான். முதலில் செயலாளருக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள், அடுத்து உங்கள் வார்டின் துணைப் பதிவாளருக்கு. தீர்மானத்தையே செல்லாததாக்க வேண்டுமென்றால் சட்டத்தின் 91-ஆம் பிரிவின்படி கூட்டுறவு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

பதினொரு மணி வரி உதவாத கூட்டங்களும் உண்டு. உறுப்பினர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் எழுதிக் கையெழுத்திட்டுக் கேட்டால், நிர்வாகக் குழு ஒரு மாதத்துக்குள் சிறப்புப் பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும். 24 பேரில் ஐந்து பேர் கேட்டால் போதும். ஆனால் அப்படிக் கேட்டுக் கூட்டிய கூட்டத்தில் அரை மணிக்குள் கோரம் சேராவிட்டால் ஒத்திவைப்பு கிடையாது. கூட்டம் அப்படியே கலைந்துவிடும். கேட்டவர்களே ஆளைத் திரட்டி வர வேண்டும் என்பது இதன் பொருள். கையெழுத்து வாங்குவதற்கு அலையும் நேரத்தில் பாதியையாவது பதினாறு பேரை வரவழைப்பதற்குச் செலவிடுவது நல்லது.

மற்றொன்று, மும்பையில் இன்று தெருவுக்குத் தெரு பேசப்படும் ரீடெவலப்மென்ட், பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவது. இதற்கு மகாராஷ்டிர அரசு 2019 ஜூலை 4 அன்று 79ஏ பிரிவின்கீழ் வெளியிட்ட வழிகாட்டுதல் தனி அளவு வைக்கிறது. கோரம் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு, இருபது பேர் என்ற சலுகை இல்லை. 300 வீடு என்றால் 200 பேர் நேரில் வர வேண்டும். முடிவுக்கு மொத்த உறுப்பினர்களில் குறைந்தது 51 சதவீதம் பேரின் ஒப்புதல் வேண்டும். வந்தவர்களில் 51 சதவீதம் போதாது. சயான் கட்டடத்தில் 16 பேர் வந்து, அவர்களில் 13 பேர் சரி என்று சொன்னால்தான் நிறைவேறும். பன்னிரண்டு பேர் என்றால் சரிபாதி, போதாது. ஆகவே கட்டடத்தை இடிப்பது பற்றிய அறிவிப்பின் அடியிலும் "11 மணிக்குக் கோரமின்றிக் கூடும்" என்ற பழைய வரி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தால், கூட்ட நாள் வரை காத்திருக்காமல் அன்றே செயலாளருக்கு எழுதிக் கேளுங்கள். பூச்சு வேலைக்கு ஒன்பது பேர் போதும். வீட்டை இடிக்க அவர்களால் முடியாது.