தாளத்தில் வந்து நிற்கும் சொல்

இருண்ட திரை. பின்னால் மெல்லிய தாளம். கவிதை ஒன்று சொல் சொல்லாக வந்து நின்று மறைகிறது. முகம் இல்லை, வாசிக்கும் குரலும் இல்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் ரீல்ஸிலும் இப்படிப்பட்ட வீடியோக்களைப் பார்க்காதவர்கள் இன்று குறைவு. கைனடிக் டைப்போகிராஃபி, அதாவது அசையும் எழுத்துக் கலை என்பது இதன் பெயர். 1959-இல் ஹிட்ச்காக்கின் ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ படத்துக்கு சால் பாஸ் அமைத்த தொடக்க டைட்டில், இதன் முன்னோடிகளில் ஒன்று. அன்று ஸ்டூடியோவில் மட்டுமே சாத்தியமான அந்த வேலையை இன்று அலைட் மோஷன் போன்ற செயலியை வைத்துக் கைபேசியிலேயே செய்துவிடலாம்.

கருவி எளிதாகிவிட்டது. ஆனால் இந்த வீடியோக்கள் பலவற்றில் கவிதை மனதில் நிற்பதே இல்லை. சினிமாப் பாடல்களின் லிரிக் வீடியோவை அப்படியே பின்பற்றுவதுதான் இதற்கு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். லிரிக் வீடியோவில் பாடகரின் குரல் சொல்லைக் காதுக்குக் கொடுத்துவிடுகிறது. எழுத்து அதற்குத் துணை மட்டுமே, கண் ஒன்றைத் தவறவிட்டாலும் நட்டமில்லை. குரல் இல்லாத வீடியோவில் தாளம் நேரத்தைச் சொல்லுமே தவிர, சொல்லைச் சொல்லாது. முழுச் சுமையும் கண்ணின் மேல். ஆகவே அடிக்கு ஒரு சொல் என்று தட்டிக்கொண்டே போனால் கண் மூச்சுத் திணறுகிறது.

ஒரு கவிதையை எடுத்துச் செய்து பார்ப்போம். இதற்காகவே நான் எழுதிய ஐந்து வரிகள்:

வீடு மாறும்போது
எல்லாம் எடுத்தாயிற்று.
சுவரில் மட்டும் இருக்கிறது
பென்சில் கோடுகளில்
பிள்ளையின் உயரம்.

முதலில் இசை. நிமிடத்துக்கு 90 அடி விழும் நிதானமான தாளத்தை எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே 0.67 செகண்ட். வீடியோ செகண்டுக்கு 30 ஃபிரேம் என்றால், ஓர் அடிக்குச் சரியாக 20 ஃபிரேம் வருகிறது. இப்படி முழு எண் கிடைக்கும் இசையைத் தேடுவது வேலையைப் பாதியாகக் குறைக்கும். 100 அடி என்றால் 18 ஃபிரேம், 120 என்றால் 15. ஆனால் 95 அடி இசைக்கு 18.95 ஃபிரேம் வரும். அதை 19 என்று வைத்து வரிசையாக நகல் எடுத்துக்கொண்டே போனால், நூறாவது அடிக்குள் எழுத்து ஐந்து ஃபிரேம் பின்தங்கிவிடும். அத்தகைய இசையில் ஒவ்வொரு அடியையும் ஒலி அலையில் பார்த்துத் தனித்தனியே அடையாளம் வைக்க வேண்டும்.

இனி, எந்தச் சொல் எந்த அடியில் வரும்? நான்கு அடி சேர்ந்தால் ஒரு சுற்று. முதல் சுற்றின் முதல் அடியில் ‘வீடு’, இரண்டாம் அடியில் ‘மாறும்போது’. மூன்றும் நான்கும் காலி. வரி அப்படியே நிற்கட்டும். இரண்டாம் சுற்றும் அதே அமைப்பில்தான்: ‘எல்லாம்’, ‘எடுத்தாயிற்று’. ஆனால் நான்காம் அடியில் திரை முழுவதும் காலியாகிவிடுகிறது. எல்லாவற்றையும் எடுத்துவிட்ட வீட்டை அந்த வெற்றுத் திரையே காட்டிவிடும். மூன்றாம் சுற்றில் ‘சுவரில் மட்டும்’ என்ற இரண்டு சொல்லையும் சேர்த்தே முதல் அடியில் விடுகிறேன். பிரித்தால் ‘மட்டும்’ அந்தரத்தில் நிற்கும். மூன்றாம் அடியில் ‘இருக்கிறது’. நான்காம் சுற்றில் ‘பென்சில்’, ‘கோடுகளில்’. ஐந்தாவதில் முதல் அடிக்குப் ‘பிள்ளையின்’. இரண்டாம் அடி காலி. மூன்றாம் அடியில் ‘உயரம்’. ஆறாம் சுற்று முழுக்க எதுவும் வராது, கடைசி இரண்டு வரிகள் மட்டும் நிற்கும். மொத்தம் 24 அடி, 480 ஃபிரேம், 16 செகண்ட்.

பதினொரு சொல்லுக்கு 24 அடி. காலி அடிகள் அதிகம் என்று தோன்றலாம். ஆங்கிலத்துக்கென்று செய்த டெம்ப்ளேட்டுகள் சொல்லுக்கு ஓர் அடி கொடுப்பது வழக்கம், அங்கே சொற்கள் சிறியவை. ‘எடுத்தாயிற்று’ என்பது ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொற்கள் செய்யும் வேலையை ஒரே சொல்லில் செய்கிறது. அதைப் படித்து முடிக்கக் கண்ணுக்கு நேரம் வேண்டும்.

அடுத்தது, சொல் எந்தக் கணத்தில் வந்து சேர வேண்டும் என்பது. அடி விழும் ஃபிரேமில் அசைவைத் தொடங்குவது பலர் செய்யும் பிழை. சொல் மேலெழுந்து நிலைகொள்ள ஆறு ஃபிரேம் ஆனால், கண்ணுக்கு அது அடியைத் தவறவிட்டதாகவே படும். ‘உயரம்’ 360-ஆம் ஃபிரேமில் நிற்க வேண்டுமானால் 354-இல் கிளம்ப வேண்டும். கொஞ்சம் முந்தினால் பாதகமில்லை. ஒளிபரப்புத் துறையின் சர்வதேசப் பரிந்துரை ஒன்று, ஒலி படத்துக்கு முந்தினால் 45 மில்லி செகண்ட் அளவிலேயே மக்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்றும், பிந்தினால் 125 வரை கவனிப்பதில்லை என்றும் சொல்கிறது. ஒரு ஃபிரேம் 33 மில்லி செகண்ட். அதாவது எழுத்து இரண்டு ஃபிரேம் தாமதமானால் உறுத்தும், இரண்டு ஃபிரேம் முந்தினால் உறுத்தாது.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்வதுபோல் காட்டும் எஃபெக்ட்டைப் ‘பென்சில்’ மீது போட்டால் பல செயலிகளில் முதலில் ‘ப’ தோன்றும். அடுத்த கணம் கொம்பு அதன் முன்னால் முளைக்க, ‘ப’ வலப்பக்கம் குதிக்கும். ‘கோடுகளில்’ என்பதன் ‘கோ’வும் அப்படித்தான். கணினி உள்ளே மெய்யையும் உயிர்க்குறியையும் தனித்தனிக் குறியாக வைத்திருப்பதே காரணம். உயிர்க்குறி தனியே பிரிந்துவிட்டால் பக்கத்தில் புள்ளி வட்டம்கூடத் தோன்றும். தமிழில் அசைவின் மிகச் சிறிய அலகு சொல்லாகவே இருக்கட்டும் என்பது என் உறுதியான கருத்து. சந்தியையும் பார்க்க வேண்டும். ‘தேடிப் போனேன்’ என்று ஒரு வரி இருந்து, ‘தேடிப்’ மட்டும் ஓர் அடி முழுக்கத் தனியே நின்றால் அந்த ‘ப்’ அநாதையாகத் தெரியும். ஒற்றை நீக்கினால் பிழை. இரண்டையும் ஒன்றாகவே வரவிடுவதுதான் வழி.

வரியை நடுவில் சீரமைக்கும் வசதியிலும் ஒரு பொறி இருக்கிறது. ‘வீடு’ நடுவில் நிற்கும்; ‘மாறும்போது’ சேர்ந்ததும் வரி நீண்டு ‘வீடு’ இடப்பக்கம் நழுவும். புதிய சொல்லைப் படிக்க வேண்டிய கண் பழைய சொல்லின் பின்னால் ஓடும். முழு வரியையும் முதலிலேயே எழுதி இடத்தை உறுதி செய்துவிட்டு, இன்னும் வராத சொல்லை மறைத்து வைத்தால் இந்த நழுவல் வராது.

அசைவைப் பொறுத்தவரை நான் கஞ்சன். இந்த வீடியோவில் பத்துச் சொற்கள் சும்மா தோன்றும். ‘உயரம்’ ஒன்று மட்டும் கீழிருந்து மேலே எழும், ஏனென்றால் அதன் பொருளே அது. எல்லாச் சொல்லும் சுழன்று குதித்து வந்திருந்தால் இந்த எழுச்சி யார் கண்ணிலும் படாது.

முடிந்ததும் ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை ஓடவிட்டு, கவிதையை முன்பு படிக்காத ஒருவரிடம் காட்டுங்கள். எந்த வரியில் தடுமாறுகிறாரோ அங்கே ஓர் அடியைக் கூட்டுங்கள். தாளம் பொருந்துகிறதா என்று சோதிக்கும்போது மட்டும் புளூடூத் இயர்போன் வேண்டாம். அதில் ஒலி நூறு, இருநூறு மில்லி செகண்ட் தாமதமாக வருவது சகஜம். அதை நம்பிச் சொற்களைப் பின்னால் தள்ளிவிட்டால், போன் ஸ்பீக்கரில் கேட்பவர்களுக்கு எல்லாச் சொல்லும் அடிக்குப் பிறகே வரும். ஒயர் இயர்போன் ஒன்றை மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.