அணில்கூண்டு மின்னோடியின் மாறா மின்னழுத்த-அதிர்வெண் விகித வேகக் கட்டுப்பாடு

மாறா மின்னழுத்த-அதிர்வெண் விகித முறை என்பது, அணில்கூண்டுத் தூண்டல் மின்னோடிக்கு (மோட்டார்) அளிக்கப்படும் மின்சாரத்தின் அதிர்வெண்ணையும் மின்னழுத்தத்தையும் ஒரே விகிதத்தில் மாற்றி அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறையாகும். இதற்குப் பயன்படும் கருவி மாறு அதிர்வெண் இயக்கி எனப்படும். இது மாறுதிசை மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கி மின்தேக்கியில் சேமிக்கிறது. பின்னர் டிரான்சிஸ்டர் நிலைமாற்றிகளை வேகமாகத் திறந்து மூடி, வேண்டிய அதிர்வெண்ணும் மின்னழுத்தமும் கொண்ட மூன்று கட்ட மின்சாரத்தை உருவாக்குகிறது.

அதிர்வெண்ணை மாற்றுவது ஏன்?

அணில்கூண்டுச் சுழலகத்தின் (ரோட்டர்) கடத்திகள் இரு முனைகளிலும் வளையங்களால் குறுக்கிணைக்கப்பட்டிருக்கும். எனவே வெளியிலிருந்து மின்தடையைச் சேர்த்து வேகத்தை மாற்ற இயலாது. நிலையகத்தில் (ஸ்டேட்டர்) உருவாகும் காந்தப்புலத்தின் வேகத்தையே மாற்ற வேண்டும். ஒத்தியங்கு வேகம் எனப்படும் அவ்வேகம் பின்வருமாறு அமையும்:

Ns = 120 f / P

இங்கு f அதிர்வெண், P முனைகளின் எண்ணிக்கை. 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 4 முனை கொண்ட ஒரு மின்னோடியின் ஒத்தியங்கு வேகம் நிமிடத்திற்கு 1500 சுற்றுகள். முழுச்சுமையில் அது 1440 சுற்றுகளில் ஓடினால், நழுவல் 60 சுற்றுகள் ஆகும்.

மின்னழுத்தத்தையும் மாற்றுவது ஏன்?

நிலையகச் சுருளில் தூண்டப்படும் மின்னழுத்தம், அதிர்வெண்ணையும் காந்தப் பாயத்தையும் பெருக்கிய அளவிற்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆகவே காந்தப் பாயம் ஏறத்தாழ V/f விகிதத்தைப் பொறுத்தது. மேற்கண்ட மின்னோடியில் 415 வோல்ட்டை அப்படியே வைத்து அதிர்வெண்ணை மட்டும் 25 ஹெர்ட்ஸாகக் குறைத்தால், காந்தப் பாயம் இருமடங்காக வேண்டியிருக்கும். ஆனால் இரும்பு உள்ளகம் 50 ஹெர்ட்ஸிலேயே தெவிட்டு நிலைக்கு அருகில் இருக்கும்படி வடிவமைக்கப்பட்டது. எனவே காந்தமாக்கும் மின்னோட்டம் பல மடங்கு உயர்ந்து, சுமை இல்லாமலேயே மின்னோடி சூடாகும்.

இதைத் தவிர்க்க, 415/50 = 8.3 வோல்ட்/ஹெர்ட்ஸ் என்ற விகிதம் காக்கப்படுகிறது. 25 ஹெர்ட்ஸில் 207.5 வோல்ட் அளித்தால் காந்தப் பாயம் முன்போலவே இருக்கும். அதே சுமை முறுக்குவிசைக்கு நழுவலும் ஏறத்தாழ 60 சுற்றுகளாகவே இருப்பதால், மின்னோடி 750 - 60 = 690 சுற்றுகளில் ஓடும்.

குறைந்த வேகத்தில் எழும் சிக்கல்

நிலையகச் சுருளின் மின்தடையில் ஒரு பகுதி மின்னழுத்தம் வீழ்ச்சியடைகிறது. ஒரு கட்டத்தின் மின்தடை 1.6 ஓம், மின்னோட்டம் 7.5 ஆம்பியர் எனக் கொண்டால் வீழ்ச்சி 12 வோல்ட். 50 ஹெர்ட்ஸில் கட்ட மின்னழுத்தம் 240 வோல்ட் என்பதால் இது 5 விழுக்காடு மட்டுமே. 5 ஹெர்ட்ஸில் கட்ட மின்னழுத்தம் 24 வோல்ட் ஆகிவிடும்; ஆனால் வீழ்ச்சி அதே 12 வோல்ட்தான். பாதி மின்னழுத்தம் மின்தடையிலேயே போவதால் காந்தப் பாயம் சுருங்கி, சுமையுடன் மின்னோடி கிளம்பாமல் நிற்கலாம்.

எனவே இயக்கிகளில் குறைந்த அதிர்வெண்களுக்கு மட்டும் சிறிது கூடுதல் மின்னழுத்தம் சேர்க்கப்படுகிறது. இதனை அளவுக்கு மீறிச் சேர்த்தால் உள்ளகம் தெவிட்டிவிடும். இயக்கியின் திரையில் தெரியும் சுமையற்ற மின்னோட்டத்தைக் கொண்டு இதைக் கண்டறியலாம். 50 ஹெர்ட்ஸில் உள்ளதைவிட 5 ஹெர்ட்ஸில் அது மிக அதிகமாக இருந்தால் கூடுதல் மின்னழுத்தத்தைக் குறைக்க வேண்டும்.

அடிப்படை அதிர்வெண்ணுக்கு மேல்

50 ஹெர்ட்ஸைத் தாண்டினால், இயக்கியால் உள்வரும் 415 வோல்ட்டுக்கு மேல் பொதுவாக அளிக்க இயலாது. 60 ஹெர்ட்ஸில் விகிதம் 6.9 ஆகக் குறைந்து, காந்தப் பாயம் 83 விழுக்காடாகும். வேகம் கூடினாலும், அதே மின்னோட்டத்தில் கிடைக்கும் முறுக்குவிசை ஏறத்தாழ அதே அளவிற்குக் குறையும்.

இயக்கியின் அமைப்புகளில் அடிப்படை அதிர்வெண்ணைத் தவறுதலாக 60 ஹெர்ட்ஸ் எனப் பதிந்தாலும் இதே குறைபாடு 50 ஹெர்ட்ஸிலேயே தோன்றும். அப்போது மின்னோடிக்குக் கிடைப்பது 346 வோல்ட் மட்டுமே. முழுச்சுமையில் மின்னோட்டமும் நழுவலும் உயரும். ஆகவே மின்னோடியின் பெயர்த்தகட்டில் உள்ள மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் அப்படியே பதிய வேண்டும்.

வரம்புகள்

இம்முறையின் எளிய வடிவில் உண்மையான வேகம் அளக்கப்படுவதில்லை. சுமை மாறும்போது நழுவலுக்கேற்ப வேகமும் சற்று மாறும். மேலும் மின்னோடியின் குளிர்விசிறி அதன் தண்டிலேயே பொருத்தப்பட்டிருப்பதால், குறைந்த வேகத்தில் காற்றோட்டம் குறையும். முழுச்சுமையுடன் நெடுநேரம் மெதுவாக ஓட வேண்டிய இடங்களில் தனி மின்னோடியால் இயங்கும் விசிறி தேவைப்படும். மையவிலக்கு நீரேற்றிகளிலும் காற்றாடிகளிலும் வேகம் குறையும்போது சுமை முறுக்குவிசையும் வேகத்தின் இருமடிக்கேற்பக் குறைவதால், இச்சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை.