'ஹாய்'க்கு ஏன் பதில் வருவதில்லை?

டேட்டிங் ஆப்களில் ஆண்கள் அனுப்பும் முதல் செய்தி எவ்வளவு நீளம் இருக்கும்? லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரத் டைசனும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் டிண்டரில் இதை அளந்து பார்த்தார்கள். சோதனைக்காகவே சில புரொஃபைல்களை உருவாக்கி, லண்டன், நியூயார்க் வட்டாரங்களில் கிடைத்த மேட்ச்களிடமிருந்து வந்த செய்திகளைச் சேகரித்தார்கள். 2016இல் வெளியான அந்த ஆய்வின்படி ஆண்களின் செய்திகளுடைய இடைநிலை நீளம் 12 எழுத்துகள், பெண்களுடையது 122. ஆண்கள் அனுப்பியவற்றில் கால்வாசி, ஆங்கில எழுத்துக் கணக்கில் ஆறைக்கூடத் தொடவில்லை. அதற்குள் அடங்கக்கூடியது 'ஹாய்', 'ஹலோ' போன்ற ஒற்றைச் சொல்தான்.

அனுப்பியவருக்கு அது மரியாதையான ஆரம்பமாகத் தோன்றலாம். ஆனால் பெறுபவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். ஆப்பைத் திறந்ததும் ஒரே மாதிரியாகப் பல 'ஹாய்'கள் வரிசையில் நிற்கின்றன. எதற்குப் பதில் எழுதுவது? 'ஹாய்' என்று திருப்பி எழுதினால் அடுத்து 'எப்படி இருக்கீங்க', அதற்கடுத்து 'என்ன பண்றீங்க'. பேச்சுக்கு ஒரு பொருளைத் தேடும் வேலை முழுவதும் பதில் எழுதுபவர் தலையில் விழுகிறது. தன்னுடைய புரொஃபைலை இவர் படித்தாரா, படத்தை மட்டும் பார்த்து வலப்பக்கம் தள்ளிவிட்டாரா என்பதும் அந்த ஒற்றைச் சொல்லிலிருந்து தெரியாது.

இதற்கு மாற்று என்ன என்பதைப் பல வருடங்களுக்கு முன்பே தரவுகளோடு காட்டியவர் கிறிஸ்டியன் ரடர். ஓகேகியூபிட் என்ற அமெரிக்க டேட்டிங் தளத்தை 2004இல் தொடங்கியவர்களில் ஒருவர். 2009இல் அவருடைய குழு அந்தத் தளத்தில் பரிமாறப்பட்ட 5 லட்சத்துக்கும் மேற்பட்ட முதல் செய்திகளை, பெயர் விவரங்களை நீக்கிவிட்டு, கணினியில் அலசியது. எந்தச் சொல் இருந்தால் பதில் வருகிறது, எது இருந்தால் வருவதில்லை என்பதுதான் கேள்வி. சராசரியாக 100 செய்திகளில் 32க்குப் பதில் கிடைத்திருந்தது. 'ஹாய்', 'ஹலோ' என்று ஆரம்பித்தவை அந்தச் சராசரிக்குக் கீழே போயின. அழகைப் புகழ்ந்தவையும் அப்படியே. 'நீங்கள் குறிப்பிட்டிருந்தீர்களே', 'கவனித்தேன்', 'அது என்னவென்று தெரிந்துகொள்ள ஆவல்' என்ற வகைத் தொடர்கள் இருந்தவை மேலே ஏறின. இசைக்குழு, பச்சை குத்தல், சைவ உணவு, இலக்கியம் என்று ஏதாவது ஒரு குறிப்பிட்ட ஆர்வத்தைத் தொட்டவையும் நன்றாகப் பலன் தந்தன.

இந்த முடிவைப் படித்தவுடன் ஒரு தவறான பாடம் கற்றுக்கொள்வது எளிது. 'கவனித்தேன்' என்ற சொல்லைச் சேர்த்தால் போதும், பதில் வந்துவிடும் என்று எண்ணிவிடலாம். இசைக்குழுவைப் பற்றி எழுதியவர் ஏன் அதைப் பற்றி எழுதினார்? பெரும்பாலும் அவருக்கும் அந்த இசை பிடிக்கும் என்பதால். ஆக, பதிலை வாங்கித் தந்ததில் சொல்லுக்கு எவ்வளவு பங்கு, இருவருக்கும் நடுவே முன்பே இருந்த பொது விஷயத்துக்கு எவ்வளவு பங்கு என்று இந்தக் கணக்கிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. காலமும் மாறிவிட்டது. அன்றைய ஓகேகியூபிட்டில் யாரும் யாருக்கும் நேரடியாக எழுதலாம். இருவரும் விரும்பினால்தான் பேச முடியும் என்ற மேட்ச் முறையை டிண்டர் பரப்பியது பிறகுதான். எனவே அந்த 32 சதவீதத்தை இன்றைய ஆப்புக்கு அப்படியே பொருத்தக் கூடாது. எது ஏறியது, எது இறங்கியது என்ற திசையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு புரொஃபைலை எடுத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். ஹிஞ்ச் ஆப்பில் ஒருவர் ஆறு படங்கள் வைக்கலாம், மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதலாம். ஒரு பதிலுக்கு 150 எழுத்துகள்தான் இடம். 2016இல் அந்த ஆப்பைப் புதுப்பித்தபோது ஒரு மாற்றம் செய்தார்கள். ஆளை மொத்தமாக 'லைக்' செய்வதற்குப் பதில், ஏதாவது ஒரு படத்தையோ ஒரு பதிலையோ தேர்ந்தெடுத்து லைக் செய்ய வேண்டும், விரும்பினால் அதன் கீழே ஒரு வரி எழுதலாம். குறிப்பான ஒன்றைத் தொட்டுப் பேசும் பழக்கத்தை ஆப்பின் அமைப்புக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்.

சென்னையில் இருக்கும் 30 வயதுப் பெண் ஒருவரின் புரொஃபைல் என்று கற்பனை செய்வோம். படங்களில் ஒன்றில் தோழியின் கல்யாணத்தில் பட்டுப்புடவையோடு நிற்கிறார். இன்னொன்றில் ஜன்னலோரம் ஒரு சாம்பல் நிறப் பூனை. மற்றொன்றில் ஆபீஸ் விருந்து, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் நிறுவனத்தின் பெயர் அரைகுறையாகத் தெரிகிறது. முதல் பதில்: 'பயணம், சினிமா, சாப்பாடு.' இரண்டாவது: 'ஞாயிற்றுக்கிழமைன்னா பெசன்ட் நகர் பீச், அப்புறம் ஒரு ஃபில்டர் காபி.' மூன்றாவது: 'இந்த வயசுல வயலின் கத்துக்கறேன். பக்கத்து ஃபிளாட்காரங்க இன்னும் என்கூடப் பேசறாங்க.'

எதைத் தொட்டு எழுதுவது? புடவைப் படத்துக்குக் கீழே ஏற்கெனவே பலர் 'சூப்பர்' போட்டிருப்பார்கள். பூனை பரவாயில்லை, ஆனால் பூனையைப் பார்த்ததும் எல்லோருக்கும் தோன்றும் கேள்வி 'பேர் என்ன' என்பதுதான். பயணமும் சினிமாவும் யாருடைய புரொஃபைலிலும் இருக்கும். பெசன்ட் நகரும் காபியும் நகரத்தில் பாதிப் பேருக்குப் பொருந்தும். வயலின் மட்டும்தான் இவருக்கே உரியது. அதோடு, கேமராவில் தற்செயலாக விழுந்த விஷயம் அல்ல அது. 150 எழுத்துக்குள் எதையாவது சொல்லலாம் என்ற இடத்தில் அவரே யோசித்து எழுதியது. இதைப் பற்றி யாராவது கேட்டால் பேசத் தயார் என்று அதற்கு அர்த்தம்.

தேர்வு செய்தால் மட்டும் வேலை முடிந்துவிடாது. 'வயலினா? நைஸ்!' என்று அனுப்பினால், குறிப்பான விஷயம் இருக்கிறது, பேச்சு இல்லை. அதற்கு அவர் 'தேங்க்ஸ்' என்றுதான் எழுத முடியும். 'வயலின் ஏன் கத்துக்கணும்னு தோணுச்சு?' என்பது கொஞ்சம் மேல், ஆனால் இன்டர்வியூ போல இருக்கிறது. பதில் எழுதுபவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். இதைப் பாருங்கள்: 'வயலின் பத்திப் படிச்சேன். நானும் 28 வயசுல மிருதங்கம் ஆரம்பிச்சேன், த தி தொம் நம் தாண்டறதுக்குள்ள ஷிஃப்ட் மாறி கிளாஸ் நின்னுபோச்சு. நீங்க எது வரைக்கும் வந்திருக்கீங்க, சரளியா, ஜண்டையா?'

இதில் மூன்று காரியங்கள் நடக்கின்றன. படித்தேன் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. எழுதுபவர் தன்னைப் பற்றியும் ஒரு சிறு விஷயத்தைக் கொடுக்கிறார், அதனால் கேள்வி விசாரணையாக மாறவில்லை. கடைசியில் வரும் கேள்விக்கு நடந்துகொண்டே ஒற்றைச் சொல்லில் பதில் எழுதலாம். மனம் இருந்தால் பாட்டு வாத்தியார், பக்கத்து வீட்டுக்காரர், விரல் வலி என்று பத்து வரியும் எழுதலாம். கர்னாடக இசை தெரியாதவர் சரளி, ஜண்டை என்று எழுத வேண்டியதில்லை. 'கீச்சு கீச்சுன்னு வர்ற கட்டம் தாண்டியாச்சா?' என்று கேட்டாலும் போதும்.

நீளத்தைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எலிசபெத் புரூக், மார்க் நியூமன் இருவரும் நியூயார்க், பாஸ்டன், சிகாகோ, சியாட்டில் நகரங்களின் டேட்டிங் தளத் தரவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். தங்களைவிட அதிக வரவேற்பு உள்ளவர்களுக்கு எழுதும்போது மக்கள் நீளமாக எழுதுகிறார்கள் என்று தெரிந்தது. ஆனால் சியாட்டிலைத் தவிர மற்ற இடங்களில் அந்த நீளத்தால் பெரிய லாபம் இல்லை. இரண்டு மூன்று வரிகள் தாராளம். புரொஃபைலில் உள்ள ஐந்து விஷயங்களையும் வரிசையாகத் தொட்டு எழுதினால் கவனிப்பு கண்காணிப்பாகத் தெரிய ஆரம்பிக்கும்.

அந்த அடையாள அட்டைக்கு வருவோம். 'நீங்க அந்தக் கம்பெனியிலா? என் ஃபிரெண்டும் அங்கதான்' என்று எழுதினால், அதுவும் உண்மையான விவரம்தான், படத்தில் இருப்பதுதான். ஆனால் அவர் சொல்ல நினைத்த விவரம் அல்ல. முன்பின் தெரியாத ஒருவர் தன் அலுவலகத்தைக் கண்டுபிடித்துவிட்டார் என்ற பயம்தான் அவருக்கு முதலில் வரும். பெயரை வைத்து இன்ஸ்டாகிராமிலோ லிங்க்டுஇன்னிலோ தேடி, அங்கிருந்து எடுத்த செய்தியைச் சொல்வது இன்னும் மோசம். புரொஃபைலில் அவர் எழுதியது அழைப்பு. அவர் கொடுக்காத இடத்திலிருந்து எடுத்தது அத்துமீறல். வீடு, தெரு, ஆபீஸ், தினமும் போகும் ஜிம் பற்றிய எதையும் முதல் செய்தியில் தொடாமல் இருப்பதே சரி.

பெறுபவர் பக்கத்திலும் ஓர் எச்சரிக்கை உண்டு. ரடர் 2014இல் எழுதிய 'டேட்டாகிளிசம்' என்ற புத்தகத்தில், ஒரே செய்தியை நகலெடுத்துப் பலருக்கு அனுப்புபவர்களைப் பற்றிச் சொல்கிறார். நகல் செய்திகள், சொந்தமாக எழுதியவற்றில் சுமார் முக்கால் பங்கு பலனைத் தந்தன. அவர் காட்டும் ஓர் உதாரணத்தில், புகைபிடிக்கும் பெண்களுக்கு ஒருவர் 'நானும் புகைப்பேன்' என்று தொடங்கி ஒரு பயணக் கதையைச் சொல்கிறார். படித்தால் அவருக்காகவே எழுதியது போல இருக்கும். அதே செய்தி எழுத்து மாறாமல் ஏராளமானோருக்குப் போயிருந்தது. பண மோசடிக்கு வருபவர்களுக்கும் புரொஃபைலைப் படிக்கத் தெரியும். எனவே ஒரு விவரத்தைச் சரியாகச் சொல்லிவிட்டார் என்பதே நல்ல எண்ணத்துக்குச் சான்று ஆகாது.

சோதனை இரண்டாவது, மூன்றாவது செய்தியில் இருக்கிறது. அந்தப் பெண், 'ஜண்டையில மாட்டிக்கிட்டு நிக்கறேன். நீங்க ஏன் மறுபடி சேரலை?' என்று கேட்டால், உண்மையில் மிருதங்கம் பழகியவருக்குச் சொல்ல ஏதாவது இருக்கும். வாத்தியார் எந்தத் தெருவில் சொல்லிக்கொடுத்தார், எந்த விரல் ஒத்துழைக்கவில்லை என்று பேச்சு தானாக நீளும். சும்மா எழுதியவர் பேச்சை மாற்றுவார், இல்லாவிட்டால் 'வாட்ஸ்அப் நம்பர் குடுங்க' என்று தாவுவார். அந்தத் தாவலே போதுமான அடையாளம்.

சிலருடைய புரொஃபைலில் தொடுவதற்கே ஒன்றும் இருக்காது. மூன்று செல்ஃபி, ஒரு ராசி, அவ்வளவுதான். அங்கே இல்லாத விவரத்தை இருப்பதாகக் காட்டத் தேவையில்லை. 'நேத்து சாயந்திரம் மழையில மாட்டினீங்களா, தப்பிச்சீங்களா?' என்பது போல அன்றைய நாளிலிருந்து ஒரு சிறு கேள்வி கேட்கலாம். நல்ல செய்திக்கும் பல சமயம் பதில் வராது. எதிர்முனையில் இருப்பவர் ஆப்பையே திறக்காமல் இருக்கலாம், வேறொருவரோடு பேச ஆரம்பித்திருக்கலாம், படம் பிடிக்காமல் போயிருக்கலாம். அதை 'பாத்தீங்களா?', '??' என்று அடுத்தடுத்து அனுப்பிச் சரிசெய்ய முடியாது. ஒரு செய்தி அனுப்பியாயிற்று, பதில் இல்லை என்றால் அடுத்த புரொஃபைலைத் திறந்து, அதிலுள்ள மூன்று பதில்களையும் முழுவதுமாகப் படிக்கலாம்.