விரலுக்கு ஒன்பது மில்லிமீட்டர்

புதிதாக ஒரு செயலியை இறக்கித் திறந்ததும் வரும் முதல் நாலைந்து திரைகளுக்கு ‘ஆன்போர்டிங்’ என்று பெயர். மொழி கேட்கும், போன் நம்பர் கேட்கும், ஓ.டி.பி. கேட்கும், இருப்பிடத்தைப் பார்க்க அனுமதி கேட்கும். இதையெல்லாம் தாண்டினால்தான் பஸ் டிக்கெட்டோ காஸ் புக்கிங்கோ கண்ணில் படும். வயதானவர்கள் பலர் இந்த வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். “எனக்கு இதெல்லாம் வராதுப்பா” என்று போனைப் பேரனிடம் நீட்டிவிடுகிறார்கள். அவர்களுக்கு வராமல் இல்லை. திரையை வரைந்தவர் விரலை அளந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

விரலுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பது பல வருடங்களாகவே தெரிந்த விஷயம். 2006-இல் பார்ஹி, கார்ல்சன், பெடர்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள், ஒரே கையில் கருவியைப் பிடித்துக் கட்டைவிரலால் தொடுபவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு தடவை தொடும் பட்டனுக்குச் சுமார் 9.2 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் போதும் என்று கண்டார்கள். ஆண்ட்ராய்டுக்குக் கூகுள் சொல்லும் அளவு 48 டிபி. ஐபோனுக்கு ஆப்பிள் சொல்வது 44 பாயின்ட். டிபி என்பது போனுக்குப் போன் பிக்சல் எண்ணிக்கை மாறினாலும் கண்ணுக்குத் தெரியும் அளவு பெரிதாக மாறாமல் இருக்க வைத்துக்கொண்ட அலகு.

நம் ஊரில் நிறையப் பேர் வைத்திருக்கும் 6.5 அங்குல மலிவு போன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். குறுக்கே 720 பிக்சல். டிபியில் அது 360. ஸ்கேல் வைத்தால் ஏறக்குறைய 68 மில்லிமீட்டர். அப்படியானால் 48 டிபி என்பது 9 மில்லிமீட்டர். ஆய்வில் வந்த எண்ணும் கிட்டத்தட்ட இதுதான்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. படம் எவ்வளவு பெரிது என்பதும் தொட்டால் எவ்வளவு இடம் வேலை செய்யும் என்பதும் வேறு வேறு. மூடுவதற்கான பெருக்கல் குறி 24 டிபிதான் இருக்கும், அதாவது நாலரை மில்லிமீட்டர். அதைச் சுற்றி நாலு பக்கமும் 12 டிபி கண்ணுக்குத் தெரியாத வெற்றிடம் சேர்த்தால் தொடும் இடம் 48 ஆகிவிடும். திரையின் அழகு துளியும் கெடாது. அந்த வெற்றிடத்தைச் சேர்க்க மறந்த செயலியில்தான், குறியின் மேலேயே விரல் இருந்தும் ஒன்றும் நடப்பதில்லை. விரல் வைத்ததும் குறி மறைந்துவிடுகிறது. நாம் தொட்டதாக நினைக்கும் புள்ளிக்குச் சற்றுக் கீழேதான் போன் தொடுகையைப் பதிவு செய்கிறது. இந்தச் சின்ன விலகலைத் தாங்கத்தான் அந்த இடம்.

முதல் திரைகளிலேயே ஓ.டி.பி. திரைதான் அதிகம் படுத்துகிறது. பெரும்பாலும் ஆறு இலக்கத்துக்கு ஆறு கட்டம் போட்டிருப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 360 டிபி அகலத்தில் இரண்டு ஓரமும் 16 டிபி விட்டால் மிச்சம் 328. ஆறு கட்டம், கட்டத்துக்கு 48 என்றால் 288. நடுவில் ஐந்து இடைவெளி, இடைவெளிக்கு 8 என்றால் 40. கூட்டினால் சரியாக 328. வரைந்தவர் மகிழ்ந்திருப்பார். ஆனால் கண் மங்கலான ஒருவர் போன் செட்டிங்கில் ‘டிஸ்ப்ளே சைஸ்’ கூட்டினால் அதே திரை 320 டிபியாகச் சுருங்கும். அப்போது கட்டத்துக்குக் கிடைப்பது 41தான். நீளம் மாறாத கட்டங்களாக வைத்திருந்தால் ஆறாவது கட்டம் ஓரத்தில் வெட்டுப்பட்டு நிற்கும். பெரிதாகத் தெரியவேண்டும் என்று அமைத்துக்கொண்டவருக்கே கடைசி இலக்கம் தெரியாமல் போகிறது! ஆறு கட்டத்துக்குப் பதிலாக அகலமான ஒரே பெட்டி போதும். நடுவில் ஒரு எண் தப்பானாலும் திருத்துவது சுலபம், நகலெடுத்து ஒட்டவும் வசதி. எஸ்.எம்.எஸ்.ஸில் வந்த எண்ணைத் தானே நிரப்பிக்கொள்ளும் வசதி ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் வந்து வருடங்கள் ஆகின்றன. அதைப் பயன்படுத்தினால் அந்தத் திரையில் தட்டச்சே தேவைப்படாது.

கட்டங்களுக்குக் கீழே இரண்டு சின்ன எழுத்து வரிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்: ‘மீண்டும் அனுப்பு’, ‘எண்ணை மாற்று’. எழுத்தின் உயரம் மட்டுமே தொடும் இடமாக விட்டிருந்தால் அது மூன்று, நாலு மில்லிமீட்டர்தான். ஓ.டி.பி. வரவில்லை என்று ‘மீண்டும் அனுப்பு’வைத் தொடப்போகிறவரின் விரல் ‘எண்ணை மாற்று’ மேல் படும். திரை பின்னால் போய்விடும். அதே நேரம் தாமதமாக ஓ.டி.பி. வந்து சேரும், போடுவதற்கு இடமிருக்காது. மறுபடி நம்பர் கொடுத்தால் புது ஓ.டி.பி. வரும். இவர் பழையதைப் போடுவார். ‘தவறான எண்’ என்று வரும். இப்படி நாலைந்து சுற்று ஆனதும் செயலி சிறிது நேரம் பூட்டிக்கொள்ளும். நடந்தது என்னவென்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

அந்த இரண்டையும் ஒழுங்கான பட்டனாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சரியாகுமா என்றால், தமிழில் ஆகாது. 328 டிபியில் நடுவே 8 விட்டால் ஆளுக்கு 160. பட்டனுக்குள் இரு பக்கமும் 24 விட்டபின் எழுத்துக்கு மிஞ்சுவது 112. ‘மீண்டும் அனுப்பு’ படிக்கிற அளவு எழுத்தில் அதற்குள் அடங்காது, இரண்டாக உடையும். உயரம் மாறாத பட்டன் என்றால் மேலே ‘மீ’யின் சுழியும் கீழே ‘பு’வின் காலும் வெட்டுப்படும். ஆங்கிலத்தில் வரைந்து முடித்த திரையில் கடைசியில் தமிழை ஊற்றும்போது நடப்பது இதுதான். ஒன்றன் கீழ் ஒன்றாக, திரை அகலத்துக்கு, 48 டிபிக்குக் குறையாமல், எழுத்து கூடினால் உயரமும் கூடுகிற மாதிரி வையுங்கள். நடுவே 8 போதும் என்பார்கள். செயல்கள் இரண்டும் எதிரெதிரானவை என்பதால் நான் 16 கேட்பேன்.

இடம் தாராளமாக வேண்டுமென்றால் வார்த்தை குறையவேண்டும். போன் நம்பர் கேட்கும் திரையில் ‘எங்கள் செயலிக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம், தொடர்வதற்குத் தயவுசெய்து உங்கள் கைப்பேசி எண்ணை உள்ளிடவும்’ என்று மூன்று வரி போகும். விசைப்பலகை மேலே எழும்பியதும் அந்த மூன்று வரி பட்டனைக் கீழே தள்ளி மறைத்துவிடும். ‘உங்கள் போன் நம்பர்’ என்று தலைப்பு, ‘இதற்கு ஓ.டி.பி. வரும்’ என்று அடியில் ஒரு வரி, பட்டனில் ‘ஓ.டி.பி. அனுப்பு’. இதற்குமேல் அந்தத் திரையில் சொல்ல ஒன்றுமில்லை. தொட்டால் நடப்பதைப் பட்டனே சொல்லிவிடுகிறது. செயலியின் பெருமைகளைச் சொல்லும் தள்ளித்தள்ளிப் பார்க்கும் மூன்று படங்களையும் எடுத்துவிடலாம்.

அனுமதி கேட்பதில் மட்டும் சுருக்கத்தோடு நேரமும் முக்கியம். ஐபோனில் இருப்பிட அனுமதியை ஒருவர் மறுத்துவிட்டால் செயலியால் அந்தக் கேள்வியைத் திரும்பக் காட்ட முடியாது. ஆண்ட்ராய்டு 11-இலிருந்து இரண்டு தடவை மறுத்தால் அதே கதி. பிறகு செட்டிங்ஸுக்குள் போய்த் தேடித்தான் மாற்றவேண்டும். திறந்தவுடன் கேட்டால் பயத்தில் மறுப்பார்கள். ‘அருகிலுள்ள நிறுத்தம்’ என்பதை அவர்களே தொடும்போது, ‘நிறுத்தத்தைக் காட்ட உங்கள் இருப்பிடம் வேண்டும்’ என்று கேளுங்கள். காரணம் கண்முன் இருக்கும்.

செயலி செய்பவர்களுக்கும் செய்யச் சொல்லிப் பணம் கொடுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கூகுளின் ‘ஆக்சசிபிலிட்டி ஸ்கேனர்’ இலவசம், 48 டிபிக்குக் குறைந்த தொடுமிடங்களை அதுவே கோடிட்டுக் காட்டும். அதை ஓட்டிவிட்டு, ஒரு மலிவு போனில் மொழியைத் தமிழாக்கி, எழுத்தளவையும் டிஸ்ப்ளே சைஸையும் உச்சத்தில் வைத்து, உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் கையில் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து எதுவும் சொல்லித்தராமல் பாருங்கள். அவர் தனியாக ஓ.டி.பி. திரையைத் தாண்டும்வரை செயலியை வெளியிடாதீர்கள்.