கண்டியிலிருந்து மேலே ஏற ஏறத் தண்ணீர் ஏன் முந்திக் கொதிக்கிறது?

தண்ணீர் எத்தனை பாகையில் கொதிக்கும் என்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளையும் நூறு என்று சொல்லும். அந்த நூறு யாழ்ப்பாணத்துக்கும் முல்லைத்தீவுக்கும் சரி. கண்டிக்கு முழுதாகச் சரியில்லை. நுவரெலியாவுக்கு அது பிழை.

1977, 1983 வன்முறைகளுக்குப் பின்னர் மலையகத்திலிருந்து வன்னிக்கு இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல. அவர்களின் உறவுகளில் ஒரு பாதி இன்னும் தோட்டங்களில் இருக்கிறது. கிளிநொச்சியில் வசிக்கும் ஒரு அம்மா, நுவரெலியாப் பக்கம் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய் வந்த கதையைச் சொன்னார். “அக்கா கடலையை அடுப்பில வச்சா அது அவியவே மாட்டுது. விறகு ஈரம் எண்டு நான் சொன்னன். கடலை பழசு எண்டு அவ சொன்னா.” விறகிலும் குறையில்லை, கடலையிலும் குறையில்லை. கொதிக்கும் தண்ணீரின் சூடுதான் இரண்டு ஊரிலும் வேறு. இதை ஒரேயொரு படம் தெளிவாகக் காட்டும்.

மூன்று கோடுகள் உள்ள படம்

உயர்தர இரசாயனவியல் படித்தவர்களுக்கு இந்தப் படம் ‘அவத்தை வரிப்படம்’ என்ற பெயரில் நினைவிருக்கும். படிக்காதவர்களும் இரண்டு நிமிடத்தில் வாசிக்கப் பழகலாம். படத்தின் கீழ்ப்பக்கம் இடமிருந்து வலமாக வெப்பநிலை கூடும். பக்கவாட்டில் கீழிருந்து மேலாக அமுக்கம் கூடும். படத்துக்குள் மூன்று பிரதேசங்கள் உண்டு. இடது பக்கம் பனிக்கட்டி, நடுவில் மேற்பக்கம் தண்ணீர், வலதும் கீழும் நீராவி. பிரதேசங்களைப் பிரிக்கும் எல்லைகளாக மூன்று கோடுகள் இருக்கும்.

வாசிக்கும் முறை எளிது. நீங்கள் இருக்கும் ஊரின் வளியமுக்கம் எவ்வளவோ, அந்த உயரத்தில் இடமிருந்து வலமாக விரலை வைத்து இழுங்கள். அடுப்பில் தண்ணீரைச் சூடாக்குவது இந்த நேர்கோட்டுப் பயணம்தான். விரல் முதல் கோட்டைத் தாண்டும் இடத்தில் பனிக்கட்டி உருகும். இரண்டாவது கோட்டைத் தாண்டும் இடத்தில் தண்ணீர் கொதிக்கும்.

கடல் மட்டத்தில் வளியமுக்கம் சுமார் 1013 ஹெக்டோபாஸ்கல். அந்த உயரத்தில் விரலை இழுத்தால் 0 பாகை செல்சியஸிலும் 100 பாகை செல்சியஸிலும் கோடுகள் குறுக்கிடும். கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கு நம் தலைக்கு மேலிருக்கும் வளியின் பாரம் அந்தளவுக்குக் குறைவு. அமுக்கம் சுமார் 955 ஹெக்டோபாஸ்கலாக இருக்கும். விரலை அந்தளவு கீழிறக்கி இழுத்தால், கொதிக்கும் கோடு 98 பாகையைச் சற்றுத் தாண்டியவுடனேயே வந்துவிடுகிறது. காரணம், அந்தக் கோடு செங்குத்தானதல்ல. அது இடப்பக்கம் சரிந்தபடி கீழே இறங்குகிறது.

அது ஏன் சரிகிறது? கொதித்தல் என்பது தண்ணீருக்குள்ளேயே ஆவிக் குமிழிகள் உருவாகி மேலே வருவது. குமிழிக்குள் இருக்கும் ஆவி வெளியே தள்ளுகிறது. வெளியிலிருக்கும் வளி தண்ணீரின் ஊடாக அதை உள்ளே நசுக்குகிறது. தண்ணீர் சூடாகச் சூடாக ஆவியின் தள்ளும் பலம் கூடும். அது வெளியமுக்கத்துக்குச் சமமாகும் கணத்தில் குமிழி நசுங்காமல் நிலைக்கிறது. மலையில் நசுக்கும் கை இளகியிருக்கிறது. அதனால் குறைந்த சூட்டிலேயே குமிழி வென்றுவிடுகிறது.

வெப்பமானியோடு ஒரு பயணம்

ஆய்வுகூடத்தில் பாவிக்கும் கண்ணாடி வெப்பமானி ஒன்றோடு கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியா வரை போய் அளந்து பார்த்தேன். முதலில் நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த கோப்பையில் வைத்து, அது சரியாகப் பூச்சியம் காட்டுகிறதா என்று சோதித்துக்கொண்டேன். கண்டியில் கொதிநீர் 98ஐச் சற்றுத் தாண்டி நின்றது. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94இல் நின்றுவிட்டது. எவ்வளவு எரித்தாலும் அதற்கு மேல் ஏறவில்லை. ஒவ்வொரு 300 மீற்றர் ஏற்றத்துக்கும் ஏறத்தாழ ஒரு பாகை குறையும் என்ற பொதுக்கணக்கோடு இது ஒத்துப்போகிறது.

நீங்களும் அளந்து பார்க்க விரும்பினால் இரண்டு இடங்களில் பிசகும். வெப்பமானியின் குமிழ் பாத்திரத்தின் அடியைத் தொட்டால் தண்ணீரின் சூட்டை அல்ல, உலோகத்தின் சூட்டைக் காட்டும். மற்றது, கைத்தொலைபேசி வானிலைச் செயலி கண்டிக்கு 1010 ஹெக்டோபாஸ்கல் என்று காட்டலாம். அது கண்டியின் உண்மையான அமுக்கமல்ல. ஊர்களை ஒப்பிட வசதியாக, எல்லா இடத்து அமுக்கத்தையும் கடல் மட்டத்துக்கு மாற்றித்தான் வானிலை அறிக்கைகள் தருகின்றன. அந்த எண்ணை வைத்துக் கணக்குப் பார்த்தால் எந்த மலையிலும் தண்ணீர் நூறில் கொதிப்பதாகத்தான் விடை வரும்.

நுவரெலியாவில் ஐஸ் எத்தனை பாகையில் உருகும்? அங்கேயும் 0தான். பனிக்கட்டிக்கும் தண்ணீருக்கும் இடையிலுள்ள கோடு அநேகமாகச் செங்குத்தாக நிற்கிறது. உருகுநிலையை ஒரே ஒரு பாகை மாற்ற, வளிமண்டல அமுக்கத்தைப் போல 130 மடங்குக்கு மேல் வேண்டும். ஒரு மலை ஏறி இறங்குவது அதற்கு ஒன்றுமேயில்லை.

மலை முடியாமல் போனால்

இலங்கையின் மிக உயர்ந்த மலை பீதுருதாலகால, 2,524 மீற்றர். அதன் உச்சியில் தண்ணீர் 92 பாகைக்குச் சற்றுக் கீழே கொதிக்கும். எவரெஸ்ட் உச்சியில் ஏறத்தாழ 70 பாகை. அந்த மலை இன்னும் வளர்ந்துகொண்டே போவதாக நினைத்துப் பாருங்கள். நமது விரல் படத்தில் கீழே கீழே இறங்குகிறது. உருகும் கோடு இருந்த இடத்திலேயே நிற்க, கொதிக்கும் கோடு அதை நெருங்கி வருகிறது. இரண்டுக்கும் இடையிலிருந்த தண்ணீரின் பிரதேசம் ஒடுங்கிக்கொண்டே போகிறது.

சுமார் 35 கிலோமீற்றர் உயரத்தில் இரண்டு கோடுகளும் சந்தித்துவிடும். அமுக்கம் அங்கே 6 ஹெக்டோபாஸ்கலுக்குச் சற்று மேல், வெப்பநிலை 0.01 பாகை. இந்தச் சந்திதான் மும்மைப்புள்ளி. ஒரே பாத்திரத்தில் பனிக்கட்டியும் தண்ணீரும் ஆவியும் ஒன்றையொன்று விழுங்காமல் சேர்ந்திருக்கக்கூடிய ஒரேயொரு இடம் அது. அமுக்கம் அதற்கும் கீழே போனால் திரவத் தண்ணீருக்கு இடமே இல்லை. சூடாக்கினால் பனிக்கட்டி நேரே ஆவியாகிவிடும்.

இந்தப் புள்ளி எங்கே செய்தாலும் மாறாது. கண்ணாடிக் குழாய்க்குள் தூய தண்ணீரை மட்டும் விட்டு, வளியை அகற்றி மூடி, உள்ளே கொஞ்சம் பனிக்கட்டி படியக் குளிரவைத்தால் போதும். அமுக்கத்தை யாரும் அளந்து சரிசெய்யத் தேவையில்லை. மூன்றும் சேர்ந்திருக்கும் வரை உள்ளே வெப்பநிலை 0.01 பாகைதான். ஊருக்கு ஊர் மாறும் கொதிநிலையை நம்பி அளவுகோல் செய்ய முடியாது என்பதால், 1954 முதல் 2019 வரை உலகின் வெப்பநிலை அலகான கெல்வின் இந்தப் புள்ளியை வைத்தே வரையறுக்கப்பட்டிருந்தது.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். 30 பாகையில் தண்ணீர் திரவம்தான் என்று படம் சொல்கிறதே, அப்படியானால் கொடியில் போட்ட துணி எப்படிக் காய்கிறது? படம் தண்ணீர் மட்டும் இருக்கும் மூடிய பாத்திரத்துக்கு வரையப்பட்டது. வெளியே இருப்பது பெரும்பாலும் வேறு வாயுக்கள். அதில் நீராவியின் பங்கு கொஞ்சம்தான். அந்தப் பங்கு நிரம்பும்வரை மேற்பரப்பிலிருந்து தண்ணீர் மெல்ல மெல்ல ஆவியாகிக்கொண்டிருக்கும். அது கொதித்தல் அல்ல. மழைக்காலத்தில் துணி காயாததும் அந்தப் பங்கு ஏற்கெனவே நிரம்பியிருப்பதால்தான்.

குசினிக்கும் கிணற்றடிக்கும்

இப்போது கடலைக்கு வருவோம். திறந்த பானையில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிட்டால் அதன் சூடு அந்த ஊரின் எல்லையைத் தொட்டுவிட்டது. அதற்குமேல் விறகைத் தள்ளினால் தண்ணீர் வேகமாக வற்றும். கடலை வேகமாக அவியாது. 94 பாகையில் அவிவதற்கு நேரம்தான் வேண்டும், நெருப்பல்ல. கொதி வந்ததும் மூடியைப் போட்டு, மெல்லக் கொதிக்கும் அளவுக்குத் தணலைக் குறைத்தால் போதும்.

பிரஷர் குக்கர் செய்வது விரலை மறுபடி மேலே உயர்த்துவது. அதன் மேலுள்ள பாரம் வெளியமுக்கத்தோடு ஏறத்தாழ இன்னொரு வளிமண்டல அமுக்கத்தைக் கூட்டுகிறது. யாழ்ப்பாணத்தில் உள்ளே 121 பாகை வரும். நுவரெலியாவில் 118 வரும். திறந்த பானையில் ஆறு பாகையாக இருந்த வித்தியாசம் குக்கருக்குள் மூன்றாகச் சுருங்கிவிடுகிறது.

குடிதண்ணீரைப் பற்றி வீண் பயம் வேண்டாம். இடம்பெயர்ந்த காலத்தில் கொதித்தாறிய நீரையே நம்பியிருந்த நமக்கு இது முக்கியமான கேள்வி. வயிற்றோட்டத்தையும் நெருப்புக்காய்ச்சலையும் தரும் கிருமிகள் 70 பாகையைத் தாண்டினாலே விரைவாகச் சாகத் தொடங்கும். ஆகவே 94இல் கொதித்த நீரும் பாதுகாப்பானதே. நன்றாகக் குமிழி விட்டுப் பொங்கி ஒரு நிமிடம் நின்றால் போதும். ஹோர்ட்டன் சமவெளி போல 2,000 மீற்றருக்கு மேற்பட்ட இடங்களில் மூன்று நிமிடம் வைக்கச் சொல்கிறது பொதுச்சுகாதார வழிகாட்டல்.

ஆனால் காயத்துக்குக் கட்டுப்போடும், ஊசி தைக்கும் கருவிகள் வேறு கதை. சில கிருமிகளின் வித்துகள் நூறு பாகையிலும் உயிர் பிழைக்கும். அதனால்தான் கிருமிநீக்கும் நீராவிப் பாத்திரத்தை 121 பாகையில் 15 நிமிடம் வைக்கிறார்கள். அதன் மானி 15 இறாத்தலைக் காட்டினால் 121 பாகை என்று கொள்வது வழக்கம். மானி காட்டுவது வெளியமுக்கத்துக்கு மேலதிகமாக உள்ள அமுக்கத்தை மட்டும்தான். மலையில் வெளியமுக்கமே குறைவு. நுவரெலியாவில் மானி அதே 15ஐக் காட்டும்போது உள்ளே இருப்பது 118 பாகைதான். வித்துகளைப் பொறுத்தவரை பத்துப் பாகை குறைந்தால் சாகும் வேகம் ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகிவிடும். மூன்று பாகை குறைந்தாலே ஏறக்குறைய இரு மடங்கு நேரம் தேவைப்படும். பாத்திரம் அதற்கு இடங்கொடுத்தால் மானியை 18 இறாத்தலுக்கு உயர்த்துவது தீர்வு. இல்லையேல் நேரத்தைக் கூட்ட வேண்டும். உள்ளே வைக்கும் நிறம் மாறும் சோதனைப் பட்டியும், உள்வெப்பநிலையைக் காட்டும் வெப்பமானியும் இருந்தால் சந்தேகமே இல்லை.

சமதரையில் பயிற்சி பெற்று மலையகத்துக்கு மாற்றலாகிப் போகும் தாதி ஒருவர், பழகிய அதே பாத்திரத்தில் பழகிய அதே 15 இறாத்தலில் நிறுத்துவார். முள்ளில் எந்தக் குறையும் தெரியாது. அந்த முள் நிற்கும் ஊர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்து வாசித்தால்தான் உள்ளே என்ன சூடு என்று தெரியும்.