டாலரில் விலைப்பட்டியல், ரூபாயில் செலவு: காப்பதா, திறந்து வைப்பதா?

ஏற்றுமதி செய்யும் வாடிக்கையாளர்கள் எங்கள் மேசைக்கு வந்து அமர்ந்ததும் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "டாலர் இன்னும் ஏறுமா, இறங்குமா?" இக்கேள்விக்கு உறுதியான விடை எங்களிடம் இல்லை, எவரிடமும் இல்லை. அவ்விடை தெரியாமலேயே சரியான முடிவுக்கு வர இயலும் என்பதைக் கூறவே இக்கட்டுரை. அதற்கு வேண்டுவன மூன்று: எவ்வளவு டாலர் ஆபத்துக்கு உட்பட்டுள்ளது, எத்தனை நாட்களுக்கு, எந்த விகிதத்துக்குக் கீழே இறங்கினால் நட்டம் தொடங்கும் என்பன.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். அந்தமான் தலைநகரின் மரைன் ஹில் பகுதியில் அலுவலகம் வைத்திருக்கும் ஒருவர், உறைய வைத்த சூரை மீனை வெளிநாட்டுக்கு அனுப்புகிறார் என்று கொள்வோம். கிலோ 6 டாலர் விலையில் 20,000 கிலோவுக்கு ஆர்டர் கிடைத்துள்ளது. விலைப்பட்டியல் தொகை 1,20,000 டாலர். அன்றைய விகிதம் ஒரு டாலருக்கு 85 ரூபாய். இவ்விகிதமும் பின்வரும் தொகைகளும் கணக்கை விளக்குவதற்காக நாங்கள் கற்பித்துக்கொண்டவை.

ஆபத்து எப்போது தொடங்குகிறது?

சரக்கு கப்பலேறி, விலைப்பட்டியல் எழுதப்பட்ட நாளில்தான் செலாவணி ஆபத்து தொடங்குவதாகப் பலர் எண்ணுகின்றனர். கணக்கேடும் அப்படித்தான் காட்டும். உண்மையில் அது டாலரில் விலையை ஒப்புக்கொண்ட நாளிலேயே தொடங்கிவிடுகிறது. அன்று முதல் விலையை மாற்ற இயலாது. ஆனால் அவ்விலையின் ரூபாய் மதிப்பு நாள்தோறும் மாறிக்கொண்டிருக்கும்.

நம் எடுத்துக்காட்டில் மீனைச் சேகரித்துப் பதப்படுத்த 30 நாட்கள். தீவிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய மூன்று நாள் கப்பல் பயணம். கப்பலுக்குக் காத்திருத்தல், சென்னையில் சுங்க நடைமுறை, பெட்டகத்தை வெளிநாட்டுக் கப்பலில் ஏற்றுதல் என அனைத்துக்கும் 15 நாட்கள். அதன்பின் கப்பல் ரசீது நாளிலிருந்து 90 நாட்கள் கழித்தே வாங்குபவர் பணம் செலுத்துவார். ஆக மொத்தம் 135 நாட்கள். விலைப்பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு முதல் 45 நாட்கள் கண்ணில் படுவதில்லை. பெருநிலப்பரப்பில் உள்ளவரைவிடத் தீவில் உள்ளவருக்கு இந்த மறைந்த காலம் சற்றே நீளம்.

எவ்வளவு தொகை, எந்த விகிதம்?

வரவிருப்பது 1,20,000 டாலர் என்றாலும் அவ்வளவும் ஆபத்துக்கு உட்பட்டதன்று. வெளிநாட்டுக் கப்பல் கட்டணமும் அங்குள்ள முகவரின் தரகும் சேர்ந்து 10,000 டாலர். இவை டாலரிலேயே செலுத்தப்படுவன. டாலர் விலை இறங்கினால் வரவு குறையும் அளவுக்கு இச்செலவும் குறையும். ஆகவே நிகரத் தொகை 1,10,000 டாலர். விகிதம் ஒரு ரூபாய் மாறினால் இவருக்கு 1,10,000 ரூபாய் மாறும்.

அடுத்து, ரூபாயில் ஆகும் செலவு. மீன் கொள்முதல், பனிக்கட்டி, டீசல், கூலி, பெட்டிகள், சென்னை வரையிலான கப்பல் கட்டணம், கடன் வட்டி ஆகிய அனைத்தும் சேர்ந்து 92 லட்சம் ரூபாய் என்று கொள்வோம். இதை 1,10,000 ஆல் வகுத்தால் கிடைப்பது 83.64. இதுவே இந்த ஆர்டரின் சமநிலை விகிதம். டாலர் 85 ரூபாயில் நின்றால் வரவு 93,50,000. இலாபம் 1,50,000 ரூபாய். 83.64க்கு இறங்கினால் இலாபம் சுழி. அதாவது 1.36 ரூபாய் சரிந்தால், நூற்றுக்கு 1.6 பங்கு மட்டுமே மாறினால், நான்கரை மாத உழைப்பின் பயன் கரைந்துவிடும்.

இந்த ஓர் எண் கையில் இருந்தால் பாதி முடிவு எடுக்கப்பட்டதாகிவிடும். நூற்றுக்கு 20 இலாபம் வைத்து விற்பவர் டாலரைத் திறந்து வைத்து உறங்கலாம். நூற்றுக்கு ஒன்றரை வைத்து விற்பவர் உறங்க இயலாது. இருவருக்கும் சந்தை ஒன்றே. தாங்கும் வலிமைதான் வேறு.

முன்பேர ஒப்பந்தம் என்ன தருகிறது?

முன்பேர ஒப்பந்தம் என்பது, குறித்த நாளில் குறித்த அளவு டாலரைக் குறித்த விகிதத்தில் வங்கிக்கு விற்பதாக இன்றே செய்துகொள்ளும் உடன்பாடு. 135 நாட்களுக்கு வங்கி 85.60 தருகிறது என்று கொள்வோம். இது இன்றைய விகிதத்தைவிட 60 காசு கூடுதல். டாலர் அந்த அளவு ஏறும் என்று வங்கி கணித்ததாக இதற்குப் பொருளன்று. இந்திய வட்டிக்கும் அமெரிக்க வட்டிக்கும் உள்ள வேறுபாடே இந்தக் கூடுதல். நம் வட்டி உயர்ந்திருக்கும் வரை ஏற்றுமதியாளருக்கு இது ஒரு சிறு ஆதாயம்.

இனி மூன்று வழிகளையும் ஒப்பிடுவோம். முழுவதையும் 85.60க்கு விற்றுவைத்தால், சந்தை எங்கே சென்றாலும் இலாபம் 2,16,000 ரூபாய். எதையும் காக்காமல் விட்டு, டாலர் 82க்கு இறங்கினால் 1,80,000 ரூபாய் நட்டம். 88க்கு ஏறினால் 4,80,000 ரூபாய் இலாபம். பாதியை மட்டும் காத்தால், 82இல் இலாபம் 18,000 ரூபாய். 88இல் 3,48,000 ரூபாய்.

பாதிக் காப்பில் ஒரு செய்தி உள்ளது. டாலர் 82க்கு இறங்கக்கூடும் என்பதே இவருடைய அச்சம், நட்டம் மட்டும் வரக்கூடாது என்பதே இவருடைய எல்லை என்றால், பாதியே போதுமானது. எவ்வளவு காக்க வேண்டும் என்பதை டாலரின் போக்கைப் பற்றிய ஊகத்திலிருந்து தொடங்காமல், தாம் தாங்கக்கூடிய நட்டத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.

ஒப்பந்தம் எங்கே தவறுகிறது?

முன்பேர ஒப்பந்தம் டாலர் விகிதத்தை உறுதி செய்கிறதேயன்றி, வாங்குபவரை உறுதி செய்வதில்லை. முழுத் தொகைக்கும் ஒப்பந்தம் செய்தபின் அவர் ஆர்டரை விலக்கிக்கொண்டால் என்ன ஆகும்? விற்பதாகச் சொன்ன டாலர் வராது. ஒப்பந்தத்தை அன்றைய விகிதத்தில் நீக்கியாக வேண்டும். அன்று டாலர் 88 எனில் டாலருக்கு 2.40 வீதம் 2,64,000 ரூபாய் ஏற்றுமதியாளர் தர நேரும். பணம் தாமதமானாலும் பழைய விகிதத்திலேயே நாளை நீட்டிக்க இயலாது; பழையது அன்றைய விகிதத்தில் தீர்க்கப்பட்டுப் புதியது எழுதப்படும்.

ஆகவே உறுதியின் அளவுக்கே காப்பு வேண்டும். விலை மட்டும் கூறி, ஆர்டர் வராத நிலையில் ஒப்பந்தம் வேண்டாம். கூறிய விலை ஒரு வாரமே செல்லும் என்று எழுதினால் போதும். ஆர்டர் உறுதியானதும் ஒரு பகுதி. சரக்கு கப்பலேறியதும் மீதியில் பெரும்பகுதி. பணம் வரும் நாள் சற்று முன்பின் ஆகும் எனில், ஒரு மாத காலத்துக்குள் எந்நாளிலும் டாலரை ஒப்படைக்க இடந்தரும் ஒப்பந்தத்தைக் கேட்டுப் பெறலாம். ஆர்டரே ஐயத்துக்குரியது எனில் ஆப்ஷன் ஒப்பந்தம் உண்டு. அதற்கு முன்கூட்டியே கட்டணம் செலுத்த வேண்டும். ஆனால் டாலர் வராவிட்டால் கட்டணத்துக்கு மேல் இழப்பில்லை.

காப்பு மிகுந்தால் அது வணிகம்

நாங்கள் காணும் மற்றொரு பிழை, காப்பை இருமுறை எடுத்தல். நம் ஏற்றுமதியாளர் 70,000 டாலரை வெளிநாட்டுச் செலாவணியிலான ஏற்றுமதி முன்கடனாகப் பெற்று, அன்றே ரூபாயாக மாற்றிச் செலவுக்குப் பயன்படுத்துகிறார் என்று கொள்வோம். வரவிருக்கும் டாலரே அக்கடனை அடைக்கும். ஆகவே அந்த 70,000 டாலர் அன்றே விற்கப்பட்டதற்குச் சமம். எஞ்சிய ஆபத்து 40,000 டாலர் மட்டுமே. இதை மறந்து 1,10,000 டாலருக்கும் முன்பேர ஒப்பந்தம் செய்தால், இல்லாத 70,000 டாலரை விற்றவர் ஆகிறார். இனி டாலர் ஏறினால் அவருக்கு நட்டம். காப்பு என்று தொடங்கியது சூதாட்டமாக முடிகிறது.

இதன் பெரிய வடிவத்தைத் தமிழ்நாடு கண்டது. 2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 44 ரூபாயாக இருந்த டாலர், அவ்வாண்டு இறுதிக்குள் 40க்குக் கீழ் இறங்கியது. குறைந்த இலாபத்தில் பின்னலாடை விற்ற திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் திகைத்தனர். அக்காலத்தில் ஏற்றுமதியாளர் சிலர் கையெழுத்திட்டவை எளிய முன்பேர ஒப்பந்தங்கள் அல்ல. சுவிஸ் ஃபிராங்க், ஜப்பானிய யென் ஆகியவற்றின் விகிதத்தோடு பிணைக்கப்பட்ட சிக்கலான ஒப்பந்தங்கள். அவர்களுடைய வரவு டாலரில், செலவு ரூபாயில். ஃபிராங்கோடு அவர்கள் தொழிலுக்குத் தொடர்பே இல்லை. முன்பணம் இல்லை என்பதும் சிறு ஆதாயம் உண்டு என்பதும் ஈர்த்தன. 2008 மார்ச்சில் டாலர் ஒரு சுவிஸ் ஃபிராங்குக்கும் கீழே சென்றபோது பெரும் நட்டங்கள் வெளிப்பட்டன. வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றன. பிழை ஒரு பக்கம் மட்டும் இல்லை: டெரிவேட்டிவ் விதிகளை மீறியதற்காக 2011 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி 19 வங்கிகளுக்கு அபராதம் விதித்தது.

எனவே எங்களைப் போன்ற வங்கி அலுவலர் ஓர் ஒப்பந்தத்தை நீட்டும்போதும் இரண்டைக் கேளுங்கள். என் வரவிலும் செலவிலும் இல்லாத செலாவணி இதில் உள்ளதா? டாலர் எந்த விகிதத்துக்குச் சென்றால் நான் எவ்வளவு தர நேரும்? இரண்டாவது கேள்விக்கு ரூபாயில் ஒரு தொகை விடையாக வராவிட்டால் கையெழுத்திடாதீர்கள்.

திறந்து வைப்பதும் ஒரு முடிவே

திறந்து வைப்பது எப்போதும் பிழையன்று. 2013 மே தொடக்கத்தில் 54 ரூபாய் அளவில் இருந்த டாலர், ஆகஸ்ட் இறுதியில் 68ஐத் தாண்டியது. திறந்து வைத்தோர் பெரும் ஆதாயம் பெற்றனர், காத்தோர் வருந்தினர். ஆனால் காத்தவர் எதையும் இழக்கவில்லை. தாம் கணக்கிட்ட இலாபத்தைப் பெற்றார். இறுதி நாளின் சந்தை விகிதத்தோடு ஒப்பிட்டு ஒப்பந்தத்தை நட்டம் என்று எழுதுபவர், அடுத்த ஆர்டரில் காப்பையே கைவிடுவார். 2007 போன்ற ஆண்டு அவருக்குத்தான் கடுமையாக அமையும். ஒப்பந்தத்தைச் சமநிலை விகிதத்தோடு ஒப்பிடுவதே முறை.

அடுத்த ஆர்டர் கிடைத்ததும், கிளைக்கு வருமுன் ஒரு தாளில் ஐந்து வரிகள் எழுதுங்கள்: வரவேண்டிய டாலர், டாலரிலேயே செல்லும் செலவும் டாலர் கடனும், பணம் வரும் நாள், சமநிலை விகிதம், தாங்கக்கூடிய நட்டம். அத்தாள் எங்கள் மேசைமீது இருந்தால், டாலர் ஏறுமா என்ற கேள்விக்கு அன்று இடமிருக்காது; எத்தனை டாலரைக் காப்பது என்பதை மட்டுமே பேசி முடிப்போம்.