பென்ஷன் யாருக்கு, போட்ட பணம் யாருக்கு?

ஓய்வுபெறும்போது வரும் மொத்தப் பணத்தில் ஒரு பகுதியை இன்சூரன்ஸ் கம்பெனியில் கட்டிவிட்டு, உயிரோடு இருக்கும்வரை மாதாமாதம் பென்ஷன் வாங்கிக்கொள்ளலாம். இதற்கு ஆன்யூட்டி என்று பெயர். என்.பி.எஸ். கணக்கு வைத்திருப்பவர்களுக்குச் சேர்ந்த தொகையில் ஒரு பங்கு பொதுவாக இந்த வழியில்தான் போகும். எல்.ஐ.சி.யின் ஜீவன் அக்ஷய் பாலிசியை விரும்பி வாங்குகிறவர்களும் ஏராளம். வாங்குகிற எல்லோரும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “நான் போன பிறகு போட்ட பணம் திரும்பி வருமா?”

வரும், அந்த வகையைத் தேர்ந்தெடுத்திருந்தால். அதற்கடுத்த கேள்வியைத்தான் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை: வருகிற பணம் யார் கைக்கு வரும், எப்போது வரும்?

கும்பகோணத்தில் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 62. மனைவிக்கு 57. ஒரு மகன், ஒரு மகள், இருவருக்கும் திருமணமாகிவிட்டது. அவரிடம் 20 லட்சம் ரூபாய் இருக்கிறது. பென்ஷன் விகிதம் கம்பெனிக்குக் கம்பெனி, மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால், கணக்குப் புரிவதற்காக மட்டும் சில உத்தேசத் தொகைகளை வைத்துக்கொள்வோம்.

அவர் முன்னால் முக்கியமாக மூன்று வழிகள் இருக்கின்றன. முதல் வழியில் அவர் உயிரோடு இருக்கும்வரை மாதம் 13,500 ரூபாய் வரும். அவர் இறந்ததும் எல்லாம் முடிந்தது, யாருக்கும் ஒரு பைசா கிடையாது. இரண்டாவது வழியில் மாதம் 11,000 ரூபாய் வரும். அவர் இறந்ததும் பென்ஷன் நின்று, 20 லட்சம் நாமினிக்குப் போகும். மூன்றாவது, கணவன் மனைவி இருவர் பெயரிலும் எடுப்பது. அதில் மாதம் 10,800 ரூபாய். அவர் இறந்தால் அதே 10,800 மனைவிக்கு அவர் ஆயுள் முழுக்க வரும். மனைவியும் இறந்த பிறகுதான் 20 லட்சம் நாமினிக்குப் போகும். ஜீவன் அக்ஷய்-7 திட்டத்தில் இந்த மூன்றும் முறையே ‘ஏ’, ‘எஃப்’, ‘ஜே’ என்று குறிக்கப்பட்டிருக்கும். மனைவிக்குப் பென்ஷன் மட்டும் தொடர்ந்து, முதல் திரும்பாத வகைகளும் உண்டு. அவை இந்தக் கட்டுரையின் பேச்சு அல்ல.

முதலைத் திருப்பித் தருவதற்காகக் கம்பெனி மாதம் 2,500 ரூபாயைக் குறைத்துக்கொள்கிறது. இது ஏன் என்று புரிந்துகொண்டால் பல விஷயங்கள் தெளிவாகும். முதல் திரும்பாத வகையில் கம்பெனி வட்டியோடு அசலிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத் தருகிறது. சீக்கிரம் இறந்துவிடுகிறவர்களின் பணம் நீண்ட நாள் வாழ்கிறவர்களுக்குப் பென்ஷனாகப் போகிறது. முதல் திரும்பும் வகையில் அசலைத் தொடவே முடியாது. கிடைப்பது ஏறக்குறைய வட்டி மட்டுமே. அதனால்தான் வயது ஏற ஏற முதல் வகையின் பென்ஷன் வேகமாக உயரும்போது, இந்த வகையின் பென்ஷன் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கிறது. 75 வயதில் புதிதாக ஆன்யூட்டி வாங்குகிறவர் முதல் திரும்ப வேண்டும் என்று அடம்பிடித்தால் நிறையவே இழக்கிறார்.

குழப்பம் தொடங்குவது இரண்டாவது வழியில். நம் கும்பகோணத்துக்காரர் ‘எஃப்’ வகையை எடுத்து, மனைவியை நாமினியாகப் போடுகிறார். “எனக்குப் பிறகு உனக்குத்தான்” என்று வீட்டில் சொல்லியும் வைக்கிறார். மனைவியோ தனக்குப் பென்ஷன் தொடரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நாமினி வேறு, இரண்டாவது பென்ஷன்தாரர் வேறு. நாமினிக்குப் பென்ஷனில் எந்த உரிமையும் கிடையாது. அவர் 70 வயதில் இறந்தால், 65 வயது மனைவிக்கு அடுத்த மாதத்திலிருந்து பென்ஷன் வராது. பதிலாக 20 லட்சம் மொத்தமாக வரும். அதை எங்கே போடுவது என்று அந்த வயதில் அவர் முடிவெடுக்க வேண்டும், அன்றைய வட்டி விகிதத்தில். மகனுக்கு வீட்டுக் கடன் இருக்கும், மருமகனுக்குத் தொழில் முடை இருக்கும். கையில் 20 லட்சத்தோடு இருக்கும் அம்மாவிடம் யாரும் கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

‘ஜே’ வகைக்கு அவர் கொடுக்கும் கூடுதல் விலை மாதம் 200 ரூபாய். வித்தியாசம் இவ்வளவு சிறியதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கம்பெனி வட்டியைத்தான் தருகிறது, அந்த வட்டியை இன்னும் சில ஆண்டுகள் இன்னொருவருக்குத் தருவதில் அதற்குப் பெரிய நஷ்டமில்லை. மனைவிக்கு வேறு வருமானம் இல்லாத வீட்டில் ‘எஃப்’ வகையை எடுப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. ஆனால் முடிவை வாங்கும்போதே எடுக்க வேண்டும். பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். அதற்குப் பிறகு வகையை மாற்றவோ, மனைவியின் பெயரைச் சேர்க்கவோ முடியாது. துணையாகச் சேர்வது மனைவியாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஜீவன் அக்ஷயில் பெற்றோர், பிள்ளை, பேரப்பிள்ளை, உடன்பிறந்தவர் ஆகியோரையும் சேர்க்கலாம். திருமணமாகாத தங்கையைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் அண்ணனுக்கு இது பெரிய உதவி.

இனி அந்த 20 லட்சம். பாலிசியில் நாமினி என்று எழுதப்பட்டவர் பணத்துக்குச் சொந்தக்காரரா, வாங்கிக் கொடுக்கிறவர் மட்டுமா? 1938-ஆம் ஆண்டின் இன்சூரன்ஸ் சட்டம், 39-ஆவது பிரிவு இதைப் பேசுகிறது. நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்கிறவர் மட்டுமே, உரிமை வாரிசுகளுக்குத்தான் என்று சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1980-களிலேயே சொல்லிவிட்டது. 2015-ல் சட்டம் திருத்தப்பட்டது. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரை நாமினியாகப் போட்டால் பணம் அவர்களுக்கே உரியது என்று திருத்தம் சொல்கிறது. அண்ணனையோ நண்பரையோ போட்டால் பழைய கதைதான், அவர் வாங்கி வாரிசுகளிடம் கொடுக்க வேண்டும்.

அத்தோடு பிரச்சினை தீர்ந்ததா என்றால் இல்லை. கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஆன்யூட்டி அல்ல, சாதாரண ஆயுள் காப்பீடுதான், ஆனால் பிரிவு அதே 39. திருமணத்துக்கு முன்பு எடுத்த பாலிசிகளில் அம்மாவை நாமினியாகப் போட்டிருந்தார் ஒருவர். பிறகு திருமணமாகி, மகன் பிறந்து, நாமினியை மாற்றாமலே இறந்துபோனார். முழுத் தொகையும் தனக்கே என்றார் அம்மா. வாரிசுகள் உரிமை கோரினால் வாரிசுரிமைச் சட்டம்தான் செல்லும் என்று 2025-ல் நீதிமன்றம் தீர்ப்பளித்து, அம்மா, மனைவி, மகன் மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்றது. உயில் எழுதாமல் இறக்கும் இந்து ஆணின் சொத்தில் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சம பங்கு என்பதே அந்தச் சட்டத்தின் விதி.

கும்பகோணத்து வீட்டுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ‘எஃப்’ வகையில் மனைவிக்கு வரும் 20 லட்சத்தில் பிள்ளைகள் பங்கு கேட்டு வழக்குப் போட வழி இருக்கிறது. ‘ஜே’ வகையில் மனைவிக்கு வரும் பென்ஷன் அப்படியல்ல. அது கணவர் விட்டுச்சென்ற சொத்து ஆகாது, கம்பெனி அந்தப் பெண்ணுக்கே நேரடியாகத் தருவதாக ஒப்புக்கொண்ட தொகை.

‘ஜே’ வகையில் ஒரு கண்ணி இருக்கிறது. பழக்கத்தில் மனைவி பெயரையே நாமினிக் கட்டத்திலும் எழுதிவிடுகிறார்கள். முதல் திரும்புவதே மனைவியும் இறந்த பிறகுதான் என்னும்போது, அவர் எப்படி அதை வாங்குவார்? அங்கே எழுத வேண்டியது பிள்ளைகளின் பெயர். இருவர் என்றால் இன்னாருக்கு இத்தனை சதவீதம் என்று பிரித்தே எழுதலாம். மூத்த மகனை மட்டும் போட்டு, “அவன் தங்கைக்குக் கொடுப்பான்” என்று நம்புவது வழக்குக்கு விதை போடுவதுதான். நாமினி சிறுவயதினர் என்றால், அவர் சார்பில் பணம் வாங்க ஒரு பெரியவரையும் குறிப்பிட வேண்டும்.

நாமினியே இல்லை, அல்லது நாமினி முன்பே இறந்துவிட்டார் என்றால் அலைச்சல்தான். இ-சேவை மூலம் விண்ணப்பித்துத் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டும். தொகை பெரியதாகவோ தகராறு இருப்பதாகவோ தெரிந்தால், நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்று வாங்கி வரச் சொல்லிக் கம்பெனி கேட்கலாம். நாமினி சரியாக இருந்தால் இறப்புச் சான்றிதழ், அசல் பாலிசி பத்திரம், கோரிக்கைப் படிவம், அடையாள ஆவணம், வங்கிக் கணக்கு விவரம் இவற்றோடு வேலை முடியும். இறப்பைத் தெரிவிக்கத் தாமதித்தால், அதற்குப் பிறகு கணக்கில் விழுந்த பென்ஷனைக் கழித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள். பாலிசி மேல் கடன் வாங்கியிருந்தால் அதுவும் வட்டியோடு கழியும்.

திரும்பி வருவது முழு 20 லட்சமா என்பதையும் கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22-க்கு முன் வாங்கியவர்கள் 1.8 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்துக் கட்டினார்கள். அந்த 36,000 ரூபாய் திரும்பாது. சில கம்பெனிகளில் ‘மீதித் தொகை திரும்பும்’ என்றொரு வகை உண்டு. பெயர் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் அதில் அதுவரை கொடுத்த பென்ஷனைக் கழித்துவிட்டு எஞ்சியதைத்தான் தருவார்கள். ஜீவன் அக்ஷயில் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. நாமினிக்குப் பணத்தை மொத்தமாகத் தருவதா, 5, 10, 15 ஆண்டுத் தவணைகளாகத் தருவதா, அதையே நாமினிக்கு இன்னொரு பென்ஷனாக மாற்றுவதா என்பதைப் பாலிசிதாரரே முன்கூட்டித் தேர்ந்து வைக்கலாம். அப்படி வைத்துவிட்டால் நாமினியால் அதை மாற்ற முடியாது. அவசரத்துக்குப் பணம் தேவைப்படும் மகளுக்குப் பத்தாண்டுத் தவணை வந்தால் அவர் அப்பாவைத்தான் நொந்துகொள்வார்.

அந்த 20 லட்சத்தின் பெறுமானம் என்ன? மனைவி 84 வயது வரை வாழ்ந்தால், வாங்கிய நாளிலிருந்து 27 ஆண்டு கழித்துத்தான் பணம் பிள்ளைகளுக்கு வரும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், அன்றைய 20 லட்சம் இன்றைய நாலு லட்சம் சொச்சத்துக்குச் சமம். அதற்காக முதல் திரும்பும் வகையே வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளைகள் வசதியாக இருக்கும் வீட்டில், அவர்களுக்கு நாலு லட்சம் விட்டுச்செல்வதற்காகப் பெற்றவர்கள் முப்பது ஆண்டுகள் குறைந்த பென்ஷனில் ஓட்டுவது தேவையா என்று ஒருமுறை கணக்குப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஏற்கெனவே பாலிசி வைத்திருப்பவர்கள் பத்திரத்தை எடுத்து, எந்த வகை என்பதையும் நாமினிக் கட்டத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதையும் பாருங்கள். வகையை இனி மாற்ற முடியாது. நாமினியை மாற்றலாம். கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, மாற்றம் பதிவானதற்கு அத்தாட்சி வாங்கிப் பத்திரத்தோடு வையுங்கள். அது எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.